மின்விசிறி நிற்பதற்குள் எத்தனை சுற்று?

ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியின் சுவிட்சை அணைத்தால் அது உடனே நின்றுவிடுவதில்லை. அரை நிமிடம் போலத் தானாகச் சுற்றிவிட்டுத்தான் ஓய்கிறது. அந்த அரை நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றியது என்று கேட்டால் எண்ணிச் சொல்வது கடினம். தொடக்கத்தில் மூன்று இறக்கைகளும் ஒரே வட்டமாகத்தான் கண்ணுக்குத் தெரிகின்றன; தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறபோது பாதிக்கு மேல் சுற்றி முடிந்திருக்கும்.

பிளஸ் ஒன் இயற்பியலில் இதே கேள்வி ஒரு வரைபடமாக வருகிறது. கிடை அச்சில் காலம், நிலை அச்சில் கோணத் திசைவேகம். நடுவே ஒரு கோடு ஏறுகிறது, கொஞ்ச தூரம் மட்டமாக ஓடுகிறது, பிறகு இறங்குகிறது. கோண முடுக்கம் எவ்வளவு, மொத்தம் எத்தனை சுற்று என்று கீழே கேட்டிருப்பார்கள். பார்த்தவுடன் ω = ω₀ + αt என்றும் θ = ω₀t + ½αt² என்றும் சூத்திரங்களை எழுதத் தொடங்கும் பழக்கம் மாணவர்களிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. அந்தச் சூத்திரங்கள் கோண முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே செல்லும். வரைபடமோ முடுக்கம் மாறினாலும் மாறாவிட்டாலும் விடை தரும். கோட்டின் சாய்வுதான் கோண முடுக்கம். கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடையே உள்ள பரப்புதான் சுற்றிய கோணம். இந்த இரண்டையும் ஒரு மின்விசிறியின் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

முதலில் நிலை அச்சில் இருப்பது என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். இறக்கையின் நுனி வேகமாக ஓடுகிறது. நடுத்தண்டுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளி மெதுவாக ஓடுகிறது. ஆனால் ஒரு விநாடியில் இரண்டும் திரும்பும் கோணம் ஒன்றுதான். அந்தக் கோணத்தைத்தான் கோணத் திசைவேகம் சொல்கிறது. அதன் குறி ω. கோணத்தை ரேடியனில் அளக்கிறோம். ஒரு முழுச் சுற்று 2π ரேடியன், அதாவது ஏறத்தாழ 6.28 ரேடியன். நிமிடத்துக்கு 344 சுற்று ஓடும் மின்விசிறிக்கு ω ஏறத்தாழ விநாடிக்கு 36 ரேடியன். வீட்டில் மாட்டியிருக்கும் மின்விசிறி ரெகுலேட்டரை முழுதாகத் திருப்பினால் ஓடுகிற வேகம் ஏறக்குறைய இதுதான்.

இப்போது பாடப்புத்தகக் கணக்குகளில் வருவதுபோல நேர்கோடுகளால் ஆன வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவிட்சைப் போட்டதும் கோடு சுழியிலிருந்து கிளம்பி 12-ஆவது விநாடியில் 36-ஐத் தொடுகிறது. அங்கிருந்து 42-ஆவது விநாடி வரை 36-லேயே மட்டமாகப் போகிறது. 42-ல் சுவிட்ச் அணைக்கப்படுகிறது. கோடு நேராகச் சரிந்து 72-ஆவது விநாடியில் கால அச்சைத் தொடுகிறது.

சாய்வு என்பது கோடு எவ்வளவு உயர்ந்தது என்பதை, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதால் வகுப்பது. ஏறும் பகுதியில் 12 விநாடியில் 36 ரேடியன்/விநாடி கூடியிருக்கிறது. 36-ஐ 12-ஆல் வகுத்தால் 3. கோண முடுக்கம் 3 ரேடியன்/விநாடி². அதாவது, ஒவ்வொரு விநாடியும் கோணத் திசைவேகம் 3 ரேடியன்/விநாடி வீதம் கூடிக்கொண்டே போனது. மட்டமான பகுதியில் உயர்வே இல்லை. சாய்வு சுழி, முடுக்கமும் சுழி. மின்விசிறி மிக வேகமாகச் சுற்றுவது இங்கேதான், ஆனால் கோண முடுக்கம் இல்லாததும் இங்கேதான். கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் போகும் மதிப்பெண்கள்தான் இந்தப் பாடத்தில் அதிகம்.

இறங்கும் பகுதியில் இன்னொரு பிழை காத்திருக்கிறது. 52-ஆவது விநாடியில் கோண முடுக்கம் என்ன என்று கேட்டால், அந்த நேரத்தில் வரைபடம் காட்டும் 24-ஐ எடுத்து 52-ஆல் வகுத்துவிடுவார்கள். ஏறும் பகுதியில் 36-ஐ 12-ஆல் வகுத்தபோது சரியான விடை வந்ததால் இதுவும் சரி என்று தோன்றும். அங்கே கோடு சுழியிலிருந்து கிளம்பியதால் அப்படி அமைந்தது, அவ்வளவுதான். சாய்வுக்கு எப்போதும் இரண்டு புள்ளிகள் வேண்டும். அவை அதே கோட்டுத் துண்டில் இருக்க வேண்டும். 42-ல் 36, 52-ல் 24. பத்து விநாடியில் 12 குறைந்திருக்கிறது. ஆக முடுக்கம் −1.2 ரேடியன்/விநாடி². கழித்தல் குறி வந்ததால் மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று எண்ணக் கூடாது. ω இன்னும் கூட்டல் குறியோடுதான் இருக்கிறது. பழைய திசையிலேயே, வேகம் குறைந்துகொண்டு சுற்றுகிறது. புள்ளிகளை எவ்வளவு தள்ளித் தள்ளி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. வரைபடத்தாளில் அரைக்கட்டம் பார்வை பிசகினால், அருகருகே உள்ள புள்ளிகளில் அது பெரிய பிழையாகும்; முனைகளை எடுத்தால் கரைந்துபோகும்.

இனிப் பரப்பு. அது ஏன் கோணத்தைத் தருகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. மட்டமான பகுதியில் 20-ஆவது விநாடிக்குப் பக்கத்தில், 0.1 விநாடி அகலத்தில் ஒரு மெல்லிய பட்டை வரையுங்கள். அதன் உயரம் விநாடிக்கு 36 ரேடியன், அகலம் 0.1 விநாடி. இரண்டையும் பெருக்கினால் விநாடி அடிபட்டுப்போய் 3.6 ரேடியன் மிஞ்சுகிறது. அந்த 0.1 விநாடியில் மின்விசிறி திரும்பிய கோணம் அதுவே. வரைபடம் முழுவதையும் இப்படிப் பட்டை பட்டையாக வெட்டிக் கூட்டினால் மொத்தக் கோணம் கிடைக்கிறது. சாய்ந்த இடத்தில் பட்டையின் தலை சற்றுச் சரிந்திருக்கும். பட்டையை மெல்லியதாக்க ஆக்க அந்தச் சரிவால் வரும் வேறுபாடு ஒன்றுமில்லாமல் போகிறது.

நேர்கோட்டுச் சரிவுக்கு அத்தனை பட்டைகள் தேவையில்லை. சீராக ஏறும் வேகத்தைக் காட்டும் முக்கோணம், அதன் பாதி உயரமுள்ள செவ்வகத்துக்குப் பரப்பில் சமம். 14-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த நிக்கோல் ஒரேம் இதைப் படம் வரைந்தே காட்டினார். நியூட்டன் பிறப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, நுண்கணிதம் வருவதற்கும் முன்பு! நம் வரைபடத்தில் முதல் 12 விநாடியின் முக்கோணம் ½ × 12 × 36 = 216 ரேடியன். நடுவில் உள்ள செவ்வகம் 30 × 36 = 1080 ரேடியன். கடைசி முக்கோணம் ½ × 30 × 36 = 540 ரேடியன். மொத்தம் 1836. இதை 2π-ஆல் வகுத்தால் 292 சுற்றுகள்.

விடை எழுதியதும் பேனாவை வைத்துவிடாமல் இரண்டு விதமாகச் சரிபார்க்கலாம். மூன்று துண்டுகளும் சேர்ந்து ஒரு சரிவகம். அதன் இணைப்பக்கங்கள் 72-உம் 30-உம், உயரம் 36. ½ × (72 + 30) × 36 என்று ஒரே வரியில் போட்டாலும் 1836 வருகிறது. இன்னொன்று, மின்விசிறி 72 விநாடியும் முழு வேகத்தில் ஓடியிருந்தால் 2592 ரேடியன், அதாவது 412 சுற்று ஆகியிருக்கும். நம் விடை அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். நடுப்பகுதியின் 1080-ஐவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு எல்லைக்கும் வெளியே ஒரு விடை வந்தால் பெருக்கலில் எங்கோ பிழை இருக்கிறது.

கேள்வி தயாரிப்பவர்கள் சில நேரம் நிலை அச்சில் ரேடியனுக்குப் பதில் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று குறித்துவிடுவார்கள். கால அச்சில் விநாடியே இருக்கும். அப்போது மட்டமான பகுதியின் பரப்பு 344 × 30 = 10,320. இதைச் சுற்று என்று எழுதினால் தவறு. 2π-ஆல் வகுத்தாலும் தவறு. உயரம் நிமிடக் கணக்கில் இருக்கிறது, அகலம் விநாடிக் கணக்கில் இருக்கிறது. 60-ஆல் வகுக்க வேண்டும். 172 சுற்று வருகிறது. நம் 1080 ரேடியனை 2π-ஆல் வகுத்தாலும் அதே 172. வரைபடத்தைக் கையில் வாங்கியதும் கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு அச்சுகளிலும் எழுதியிருக்கும் அலகைப் படித்துவிடுவது நல்லது. அச்சு சுழியிலிருந்துதான் தொடங்குகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அடிக்கோடு 20-லிருந்து தொடங்கும் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பை மட்டும் கணக்கிட்டால், கீழே மறைந்திருக்கும் பெரிய செவ்வகம் விட்டுப்போகும்.

மின்விசிறி ஒரே பக்கமாகத்தான் சுற்றும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினின் டிரம் அப்படியல்ல. துணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, ஒரு பக்கம் கொஞ்ச நேரம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றும். அதன் வரைபடம் கால அச்சுக்கு மேலே ஒரு முறை எழும்பி, பிறகு அச்சுக்குக் கீழே இறங்கும். மேலே உள்ள பரப்பு 60 ரேடியன், கீழே உள்ளதும் 60 ரேடியன் என்று வைத்துக்கொள்வோம். கோண இடப்பெயர்ச்சி கேட்டால் 60-லிருந்து 60-ஐக் கழித்துச் சுழி என்று எழுத வேண்டும். டிரம் கிளம்பிய நிலைக்கே வந்துவிட்டது. மொத்தம் எத்தனை சுற்று என்று கேட்டால் இரண்டையும் கூட்டி 120 ரேடியன், அதாவது 19 சுற்று என்று எழுத வேண்டும். கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விடை. இந்த வரைபடத்தின் இன்னொரு இடமும் கவனிக்கத்தக்கது. கோடு நிற்காமல் நேராக அச்சைக் கடந்து கீழே இறங்கினால், கடக்கும் அந்தக் கணத்தில் ω சுழி. ஆனால் சாய்வு சுழியில்லை. அந்தக் கணத்தில் டிரம் சுற்றவில்லை என்றாலும் கோண முடுக்கம் இருக்கிறது. அதனால்தான் அடுத்த கணமே மறுபக்கம் திரும்புகிறது.

இதுவரை நேர்கோடு. உண்மையான மின்விசிறி இப்படி நேர்கோட்டில் இறங்குவதில்லை. சுவிட்சை அணைத்த நொடியில் வேகம் மளமளவென்று விழுகிறது. கடைசியில் நிற்பதா வேண்டாமா என்பதுபோல இழுத்துக்கொண்டே போகிறது. அணைத்த நேரத்தைச் சுழி என்று வைத்துக்கொண்டு, ஐந்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை ω-வைக் குறித்தால் இப்படி இருக்கலாம்: 36, 20.5, 13.2, 8.7, 5.3, 2.5, கடைசியாக 30-ஆவது விநாடியில் 0. தொடக்கமும் முடிவும் முந்தைய வரைபடத்தில் உள்ளவையே. நடுவில் உள்ள வழிதான் வேறு; கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தளர விட்டதுபோல அது கீழ்நோக்கித் தொங்குகிறது.

வளைகோட்டில் சாய்வு இடத்துக்கு இடம் மாறும். எந்த விநாடியின் முடுக்கம் வேண்டுமோ அங்கே தொடுகோடு வரைய வேண்டும். அளவுகோலை 15-ஆவது விநாடிப் புள்ளியில் வைத்து, வளைகோட்டின் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரியும்படி மெல்லத் திருப்புங்கள். சரியாகப் பொருந்தியதும் கோட்டை இரு புறமும் நீளமாக இழுங்கள். அது இடப்பக்கம் நிலை அச்சை ஏறத்தாழ 20-லும் வலப்பக்கம் கால அச்சை ஏறத்தாழ 26-லும் வெட்டும். 20-ஐ 26-ஆல் வகுத்தால் 0.77, கோடு இறங்குவதால் முடுக்கம் −0.77 ரேடியன்/விநாடி². புள்ளியின் மதிப்பான 8.7-ஐ 15-ஆல் வகுத்திருந்தால் 0.58 வந்திருக்கும், அதற்கு இந்த வரைபடத்தில் ஒரு பொருளும் இல்லை. அணைத்த கணத்தில் தொடுகோடு வரைந்தால் அது 7.2 விநாடியிலேயே கால அச்சைத் தொட்டுவிடும். அங்கே முடுக்கம் −36/7.2, அதாவது −5. நிற்கப் போகும் நேரத்தில் சாய்வு −0.5 அளவுக்குத்தான் இருக்கிறது.

ஒரே மின்விசிறி, ஒரே அரை நிமிடம். தொடக்கத்தில் 5, முடிவில் 0.5. இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. இறக்கைகளை எதிர்க்கும் காற்றுத்தடை வேகத்தின் இருமடியை ஒட்டிக் கூடுகிறது. வேகம் பாதியானால் தடை கால்வாசியாகிறது. பேரிங்கில் உள்ள உராய்வோ வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. ஆகவே வளைகோட்டின் செங்குத்தான தொடக்கத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் காற்றின் வேலை. தட்டையான வாலில் பார்ப்பது பேரிங்கின் வேலை. எண்ணெய் வறண்டு பேரிங் இறுகிய மின்விசிறியில் இந்த வால் குறுகிவிடும். கடைசி விநாடிகளில்கூடக் கோடு செங்குத்தாக இறங்கி வெடுக்கென்று நிற்கும். சுவிட்சைப் போடும் பக்கத்திலும் இதுபோல ஒன்று உண்டு. கண்டென்சர் பலவீனமான மின்விசிறியின் கோடு படுத்துக்கொண்டு ஏறும். மட்டமாகும் உயரமும் குறைந்துவிடும். மெக்கானிக் கையால் சுற்றிப் பார்த்தும் காதால் கேட்டும் கண்டுபிடிப்பதை வரைபடம் சாய்வாகக் காட்டுகிறது.

பரப்புக்கு வருவோம். வளைகோட்டுக்குக் கீழே முக்கோணமும் இல்லை, சரிவகமும் இல்லை. ஐந்து விநாடி அகலத்தில் ஆறு பட்டைகளாக வெட்டி ஒவ்வொன்றையும் ஒரு சரிவகமாக எண்ணிக்கொள்ளலாம். முதல் பட்டையின் சராசரி உயரம் 36-க்கும் 20.5-க்கும் நடுவே 28.25, பெருக்கினால் 141 ரேடியன். இப்படியே ஆறையும் கூட்டினால் 341 ரேடியன் வருகிறது, 54 சுற்று. நேர்கோடாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டபோது இதே 30 விநாடிக்கு வந்தது 540 ரேடியன், அதாவது 86 சுற்று. தொடக்க வேகமும் நின்ற நேரமும் மட்டும் தெரிந்திருந்து, நடுவில் கோடு எப்படிப் போனது என்று பார்க்காமல் விட்டால் 32 சுற்று தவறிவிடுகிறது.

அந்த 54-உம் கொஞ்சம் மிகைதான். வளைகோடு கீழ்நோக்கித் தொங்குவதால், ஒவ்வொரு பட்டையின் தலையிலும் நாம் போட்ட நேர்கோடு வளைகோட்டுக்கு மேலே போகிறது. இடையில் ஒரு சிறு துண்டு பரப்பு வீணாகச் சேர்ந்துவிடுகிறது. வளைவு அதிகமாக இருக்கும் முதல் பட்டையில்தான் அது பெரிது. இரண்டரை விநாடியில் ω-வைப் படித்துப் பார்த்தால் ஏறத்தாழ 26.5 இருக்கும், நேர்கோடு அங்கே 28.25 என்கிறது. அந்தப் பட்டையை மட்டும் இரண்டாகப் பிளந்து கணக்கிட்டால் 141 என்பது 137 ஆகக் குறைகிறது. மற்ற பட்டைகளையும் மெல்லியதாக்கினால் விடை மெல்ல 53-ஐ நோக்கி இறங்கும். வரைபடத்தாளில் சிறு கட்டங்களை எண்ணியும் இதைச் செய்யலாம். பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தை ஒன்றாக எண்ண வேண்டும், பாதிக்குக் கீழே உள்ளதை விட்டுவிட வேண்டும். அதற்கு முன் ஒரு கட்டம் எத்தனை ரேடியன் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கிடையில் 1 விநாடியும் நிலையில் 2 ரேடியன்/விநாடியும் ஒரு கட்டம் என்றால், ஒரு கட்டத்தின் மதிப்பு 2 ரேடியன்.

இந்த எண்களை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு மின்விசிறியின் வரைபடத்தை நீங்களே வரையலாம். சுவிட்சை அணைத்து, முழுதாக நின்ற பிறகு, பெரியவர் ஒருவர் துணையோடு ஓர் இறக்கையின் அடிப்பக்கத்தில் சிறிய வெள்ளைத்தாள் துண்டு ஒன்றை செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். கைப்பேசியை நேர் கீழே தரையில் வைத்து, விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவு செய்யுங்கள். மின்விசிறி முழு வேகத்துக்கு வந்த பிறகு அணைத்து, நிற்கும் வரை விடாமல் எடுக்க வேண்டும்.

பிறகு காட்சியை ஒவ்வொரு படமாக நகர்த்தி, வெள்ளைத்தாள் ஒரே இடத்துக்குத் திரும்பி வர எத்தனை படங்கள் ஆகின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை n என்று வைத்துக்கொண்டால் ω = 2π × 240/n, அதாவது 1508/n. முழு வேகத்தில் n ஏறத்தாழ 42 இருந்தால் ω 36. n 285-ஐத் தொடும்போது ω 5.3-க்கு வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்படிக் கிடைக்கும் ω ஒரு முழுச் சுற்றின் சராசரி. அதைச் சுற்று தொடங்கிய நேரத்திலோ முடிந்த நேரத்திலோ குறிக்காமல் இரண்டுக்கும் நடுவில் குறிக்க வேண்டும். வேகமாக ஓடும்போது ஒரு சுற்று 0.2 விநாடிக்குள் முடிந்துவிடுவதால் எங்கே குறித்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஒரு சுற்றுக்கே இரண்டு, மூன்று விநாடி ஆகும் வால் பகுதியில், தவறான இடத்தில் குறித்த புள்ளிகள் வளைகோட்டையே நகர்த்திவிடும். கடைசிச் சுற்று முழுதாக முடியாமல் நின்றுவிடும். அதை நின்ற இடத்தின் கோணத்தைப் பார்த்து முக்கால் சுற்று, அரைச் சுற்று என்று மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

இதே காட்சியில் வெள்ளைத்தாள் எத்தனை முறை வந்துபோனது என்பதையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அது நேரடியாக எண்ணிய சுற்று. வரைபடத்தின் பரப்பிலிருந்து வரும் சுற்று அதோடு ஓரிரண்டு முன்பின் ஒத்துப்போக வேண்டும். பரப்பு நான்கைந்து சுற்று கூடுதலாகச் சொன்னால், பெரும்பாலும் முதல் ஐந்து விநாடியில் புள்ளிகள் போதாமல் இருக்கும். அங்கே சுற்றுக்குச் சுற்று குறித்துப் பட்டைகளை மெல்லியதாக்கிப் பாருங்கள். மிகப் பெரிய வேறுபாடு வந்தால், உங்கள் கைப்பேசி உண்மையில் விநாடிக்கு 240 படங்கள்தான் எடுத்ததா, அல்லது 120-தானா என்று அமைப்புகளில் போய்ப் பார்க்க வேண்டும்.